புது லேப்டாப்பில் கேம் வாங்கப் போறீங்களா? 3,299 ரூபாய் போன கதையைப் படிங்க

இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. கேம் கீ விற்கும் ஒரு தளத்தில் 3,299 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் ஷூட்டிங் கேம் வாங்கினேன். என்னுடையது ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப், அதாவது ஆர்ம் பிராசஸர். கேமின் பக்கத்தில் இன்டெல் ஐ5 என்று போட்டிருந்ததால், பணம் கட்டுவதற்கு முன்பே சாட்டில் மாடல் பெயரைக் கொடுத்துக் கேட்டேன். "விண்டோஸ் 11 தானே சார், எல்லாம் ஓடும். உங்களுது அதைவிடப் புது பிராசஸர்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் கட்டினேன்.

இன்ஸ்டால் ஆனது, லோகோவும் வந்தது. அப்புறம், ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கும் ஆன்டி-சீட் டிரைவர் லோட் ஆகவில்லை என்று ஒரு பெட்டி. ஓகே அழுத்தினால் கேமே மூடிக்கொள்கிறது.

காரணம் இதுதான். இன்டெல், ஏஎம்டி பிராசஸருக்காக எழுதிய புரோகிராமை ஆர்ம் லேப்டாப்பில் ஓட்ட, விண்டோஸுக்குள் பிரிசம் என்ற அடுக்கு இருக்கிறது. அது கட்டளைகளை ஓடும்போதே ஆர்முக்கு மாற்றித் தரும். சாதாரண புரோகிராம்களுக்கு இது போதும். ஒருவர் மட்டும் தனியாக ஆடும் சில கேம்கள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் இந்த ஆன்டி-சீட், விண்டோஸின் அடிமையமான கெர்னலுக்குள் உட்காரும் டிரைவர். கெர்னலுக்குள் பிரிசம் எட்டாது, அங்கே ஆர்முக்கென்றே தயாரித்த டிரைவர்தான் லோட் ஆகும். சில ஆன்டி-சீட்டுகளுக்கு அப்படி வந்துவிட்டது, இந்த கேமுக்கு இல்லை. ஆக, கிராபிக்ஸைக் குறைத்தாலும் ரேம் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இதைச் சொன்னால் தளத்துக்காரர்கள் காது கொடுக்கவே இல்லை. விண்டோஸை அப்டேட் செய்யுங்கள் என்றார்கள், செய்தேன். Compatibility பக்கத்தில் Change emulation settings போய் மாற்றுங்கள் என்றார்கள். அது பிரிசம் எப்படி மாற்றித் தர வேண்டும் என்பதற்கான அமைப்பு, டிரைவருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அடுத்து, கேம் கம்பெனியைக் கேளுங்கள் என்று தள்ளிவிட்டார்கள். சாட் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். "கீயைத் திறந்து பார்த்துவிட்டால் ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரே வரி, டிக்கெட்டை மூடிவிட்டார்கள். திறக்காமல் ஓடுமா ஓடாதா என்று எப்படிய்யா தெரியும்? 3,299 ரூபாய் கோவிந்தா.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கமாண்ட் பிராம்ப்டில் இதை அடித்துப் பாருங்கள்:

```
echo %PROCESSOR_ARCHITECTURE%
```

ARM64 என்று வந்தால் உஷார். ஆன்லைன் கேம் என்றால் எந்த ஆன்டி-சீட், அதற்கு விண்டோஸ் ஆர்ம் ஆதரவு உண்டா என்று கேம் கம்பெனியின் பக்கத்திலேயே பாருங்கள். சாட்டில் சொல்வதை நம்பாதீர்கள். ரீஃபண்ட் தராத இடத்தில் கீ வாங்கவே வாங்காதீர்கள். என் 3,299-க்கு பேங்கில் புகார் கொடுத்திருக்கிறேன், ஏதாவது நடந்தால் இங்கேயே போடுகிறேன்.