ஸ்கிரீன்ஷாட்டா, பட்டியலா, பகிர்வா? நேரம் கேட்கும் படத்தை வாசிப்பது எப்படி

தம்பி வேலை நிமித்தம் சென்னையில் இருக்கிறார். புதிய வீவக வீட்டின் புதுப்பிப்புப் பணிக்காக ஒப்பந்ததாரருடன் காணொளியில் பேச வேண்டும். அக்கா ஈசூனில் இருக்கிறார். நாள்காட்டியின் ஒருநாள் காட்சியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, “அக்கா, நாளைக்கு எனக்கு எப்போது நேரம் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறார் தம்பி. இதற்குப் பதில் சொல்ல மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் இந்த ஒரே நாளை வைத்துப் பார்ப்போம்.

படத்தில் இருப்பவை: 9:00–10:00 குழுக் கூட்டம், 9:30–11:00 வாடிக்கையாளர் அழைப்பு, 12:30–1:30 நண்பருடன் மதிய உணவு, அதற்குள்ளேயே 1:00–1:15 ஒரு தொலைபேசி அழைப்பு, 3:00–4:30 உள்ளே நிறமில்லாமல் ஓரக் கோடு மட்டும் கொண்ட ஒரு கட்டம். மேலே நாள் முழுவதற்குமான பட்டையில் ‘அம்மா பிறந்தநாள்’.

முதல் வழி, படத்தை அப்படியே வாசிப்பது. இதில் முதல் சிக்கல், எந்த ஊர் நேரம் என்று படம் சொல்லாது என்பதுதான். படத்தின் மேல் விளிம்பில் கைபேசிக் கடிகாரம் 7:10 காட்டுகிறது. அக்காவின் கைபேசிக்குப் படம் வந்தது 9:40க்கு. எடுத்தவுடன் அனுப்பியிருந்தால் இடைவெளி இரண்டரை மணி நேரம், ஆகவே கைபேசி சென்னை நேரத்தில் ஓடுகிறது. ஆனால் நாள்காட்டியும் அதே நேரத்தில்தான் இருக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஐபோனின் நாள்காட்டி அமைப்பில் Time Zone Override என்ற ஒன்று உண்டு. அதை இயக்கிச் சிங்கப்பூரைத் தேர்ந்திருந்தால், கடிகாரம் சென்னையைக் காட்டும்போதும் கட்டங்கள் சிங்கப்பூர் நேரத்தில்தான் நிற்கும். இன்றைய நாளின் படமாக இருந்தால், இப்போதைய நேரத்தைக் குறிக்கும் சிவப்புக் கோடும் மேலே உள்ள கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடலாம். நாளைய படத்தில் அந்தக் கோடு இருக்காது. கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு வரிச் செய்தி போதும்: “ஒன்பது மணிக் கூட்டம் எந்த ஊர் ஒன்பது?”

கேட்காமல் சிங்கப்பூர் நேரம் என்று எடுத்துக்கொண்டால் 11:00–12:30 வெற்று இடமாகத் தெரியும். உண்மையில் சிங்கப்பூரில் 11:30 ஆகும்போது தம்பி குழுக் கூட்டத்தில் உட்கார்ந்துவிடுவார்.

சென்னை நேரம்தான் என்று தம்பி உறுதி செய்கிறார். இனி மேலடுக்கும் கட்டங்களை ஒன்றாக்க வேண்டும். தொடக்க நேரப்படி வரிசைப்படுத்தி, அதுவரை வந்த முடிவு நேரங்களில் எது கடைசியோ அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும். 9:00–10:00, 9:30–11:00 இரண்டும் 9:00–11:00 ஆகின்றன. பலர் இடறுவது மதிய உணவில்தான். வரிசையில் உணவுக்கு அடுத்து வருவது 1:15க்கு முடியும் அழைப்பு. அதைப் பார்த்து 1:15 முதல் நேரம் உண்டு என்று எழுதினால், பாதி உணவில் ஒப்பந்ததாரர் அழைப்பார். உணவு 1:30 வரை ஓடுகிறது.

நிறமில்லாத கட்டம், கூகுள் நாள்காட்டியில், இன்னும் பதில் சொல்லாத அழைப்பு. கோடு அடித்திருந்தால் மறுத்துவிட்டது. முன்னதை இருப்பதாகவே கணக்கில் வைத்து, தம்பியிடம் கேட்பதே முறை. பிறந்தநாள் பட்டை நேரம் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அதுவே ‘விடுப்பு’ என்றிருந்தால் கதை வேறு.

படம் ஒரே ஊர் நேரத்தில் இருப்பதால் இடைவெளிகளை முதலில் கண்டுபிடித்து, அவற்றுக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் கூட்டுவது எளிது. காலை 8 முதல் மாலை 4:30 வரை பார்த்தால் சென்னையில் 8–9, 11–12:30, 1:30–3. சிங்கப்பூரில் அவை 10:30–11:30, 1:30–3:00, 4:00–5:30. அக்காவின் சொந்த நாள்காட்டியையும் சேர்க்க வேண்டுமானால் வரிசை மாறும்: எல்லாவற்றையும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒன்றாக்க வேண்டும்.

இரண்டாம் வழி, அதே நாளைப் பட்டியல் காட்சியில் படமெடுக்கச் சொல்வது. கூகுள் நாள்காட்டியில் அதன் பெயர் Schedule. ஒருநாள் காட்சியில் பக்கவாட்டில் நசுங்கும் கட்டங்கள் இங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக, தொடக்கமும் முடிவும் எழுத்தில் தெரிய நிற்கும். பதினைந்து நிமிட அழைப்பின் முடிவைக் கட்டத்தின் உயரத்தை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. திரைக்கு வெளியே இருக்கும் மாலை நிகழ்ச்சிகளும் எளிதில் விடுபடுவதில்லை. ஊர் எது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. படம்தான் வேண்டும் என்றால் என் வாக்கு இதற்கே.

மூன்றாவது, நாள்காட்டியையே பகிர்வது. விவரங்களை மறைத்து, நேரம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டும் அனுமதி கூகுளில் உண்டு. தம்பியின் மருத்துவர் சந்திப்பு யார் கண்ணிலும் படாது, ஊர் நேரத்தையும் அக்காவின் கைபேசியே மாற்றிக்கொள்ளும், கூட்டம் தள்ளிப்போனால் உடனே தெரியும். குறைகளும் இருக்கின்றன. அலுவலகக் கணக்கு என்றால் வெளியாருடன் பகிர நிர்வாகம் தடை போட்டிருக்கலாம். தம்பி சொந்த வேலைகளைத் தனி நாள்காட்டியில் வைத்திருந்தால், பகிர்ந்ததில் அவை வராது. வெற்று மாலை என்று நம்பி ஏமாறலாம். படம் இந்த ஒரு விஷயத்தில் மேல்: தம்பியின் திரையில் தெரிவதெல்லாம் அதில் இருக்கும்.

ஒரே ஒரு அழைப்புக்காகப் பகிர்வை அமைப்பது வீண் வேலை. பட்டியல் படமும் ஊர்ப் பெயரும் போதும். வாரந்தோறும் தொடரும் சந்திப்பு என்றால் பகிர்ந்துவிடுங்கள், அதிலும் லண்டன்காரர் ஒருவர் சேர்ந்தால் கட்டாயம். சிங்கப்பூரும் இந்தியாவும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுகிறது. கோடையில் நமக்கும் லண்டனுக்கும் ஏழு மணி நேரம், குளிர்காலத்தில் எட்டு. லண்டன் நேரப்படி வைத்த கூட்டம் நவம்பரில் நம் திரையில் ஒரு மணி நேரம் தள்ளி உட்கார்ந்திருக்கும். செப்டம்பரில் எடுத்த படத்தில் அது பழைய இடத்திலேயே இருக்கும்.