உற்பத்தி இடைவெளியை எவ்வளவு நம்பலாம்? ஒரே எண்களில் மூன்று வட்டி விதிகள்

ஒரு மத்திய வங்கியின் முன் இந்த எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பணவீக்கம் 5 சதவீதம், இலக்கு 2 சதவீதம். உற்பத்தி இடைவெளி −2 சதவீதம். அதாவது, பொருளாதாரம் தன் முழுத் திறனில் உற்பத்தி செய்யக்கூடியதைவிட 2 சதவீதம் குறைவாக உற்பத்தி செய்கிறது. ஓராண்டுக்கு முன் இந்த இடைவெளி −3 ஆக இருந்தது. பொருளாதாரத்தைத் தூண்டவும் செய்யாத, அடக்கவும் செய்யாத சமநிலை மெய் வட்டி, அதாவது பணவீக்கத்தைக் கழித்த வட்டி, 1 சதவீதம். நடப்பில் உள்ள கொள்கை வட்டி 4 சதவீதம்.

விலைவாசி வட்டியை ஏற்றச் சொல்கிறது, மந்தம் இறக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் வட்டியைக் கணக்கிட எந்த விதியை எடுத்தாலும் பெரிய தவறு நேராது. இப்படி எதிரெதிராக இழுக்கும்போதுதான் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு எடை வருகிறது.

ஒப்பிட எடுத்துக்கொண்ட மூன்று விதிகள் இவை. முதலாவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் டெய்லர் 1993இல் முன்வைத்தது. இரண்டாவது, அதே வாய்பாட்டில் உற்பத்தி இடைவெளியின் எடையை இரட்டிப்பாக்கியது. 1999இல் டெய்லர் ஆராய்ந்த வடிவம். மூன்றாவது, பொருளாதார அறிஞர் அதனாசியோஸ் ஓர்பனிடிஸ் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மாற்ற விதி. வட்டி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. போன காலாண்டின் வட்டியிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது.

```
1993:   i = r* + π + 0.5(π − π*) + 0.5y
1999:   i = r* + π + 0.5(π − π*) + 1.0y
மாற்றம்: i = i₋₁ + 0.5(π − π*) + 0.5(y − y₋₄)
```

இதில் i கொள்கை வட்டி, r* சமநிலை மெய் வட்டி, π பணவீக்கம், π* அதன் இலக்கு, y உற்பத்தி இடைவெளி. i₋₁ என்பது முந்தைய காலாண்டின் வட்டி. y₋₄ என்பது நான்கு காலாண்டுகளுக்கு முந்தைய இடைவெளி.

1993 விதியில் எண்களைப் போட்டால் 1 + 5 + 1.5 − 1 = 6.5 சதவீதம். 1999 விதியில் கடைசி உறுப்பு மட்டும் மாறி, 1 + 5 + 1.5 − 2 = 5.5 சதவீதம். மாற்ற விதியில் 4 + 1.5 + 0.5 = 6 சதவீதம்.

இந்தக் கணக்கில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 0.5 என்ற எடையைப் பார்த்ததும், பணவீக்கம் ஒரு புள்ளி ஏறினால் வட்டி அரைப் புள்ளிதான் ஏறும் என்று நினைத்துவிடுகிறார்கள். தனியாக நிற்கும் π அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதையும் சேர்த்தால் பணவீக்கத்தின் மொத்த எடை 1.5. சமநிலை வட்டியையும் இலக்கையும் கூட்டிய 3 சதவீதத்தில் தொடங்கி, மூன்று புள்ளி பணவீக்க இடைவெளிக்கு 0.5 எடை மட்டும் கொடுத்தால் 3 + 1.5 − 1 = 3.5 சதவீதம் வரும். இது 5 சதவீதப் பணவீக்கத்தைவிடக் குறைவு. மெய் வட்டி −1.5. விலைகள் ஏறும் நேரத்தில் கடன் வாங்குவதை மலிவாக்கும் விடை அது. 3இலிருந்து தொடங்கினால் எடை 1.5 ஆக இருக்க வேண்டும்: 3 + 4.5 − 1 = 6.5. விடை வந்ததும் அதிலிருந்து பணவீக்கத்தைக் கழித்து, மெய் வட்டியைச் சமநிலை வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தவறு இருந்தால் பெரும்பாலும் அங்கே பிடிபட்டுவிடும்.

அதே சோதனையை நம் விடைகளுக்கும் வைத்துப் பார்க்கலாம். 1993 விதியின் மெய் வட்டி 1.5, சமநிலையைவிட அரைப் புள்ளி மேலே இருப்பதால் கொள்கை சற்றே இறுக்கமானது. 1999 விதியின் மெய் வட்டி வெறும் 0.5. இலக்கைவிடப் பணவீக்கம் மூன்று புள்ளி கூடுதலாக இருக்கும்போதும் அந்த விதி சமநிலைக்குக் கீழேதான் நிற்கிறது; வட்டியை 4இலிருந்து 5.5க்கு உயர்த்தச் சொல்லிவிட்டும் பொருளாதாரத்தை லேசாகத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. மந்தத்துக்குக் கொடுத்த முழு எடையின் விளைவு இது. வேலையிழப்பைப் பெரிதாக மதிக்கும் வங்கி, தெரிந்தே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் அந்தத் தேர்வு −2 என்ற எண்ணை நம்பி நிற்கிறது. என் கவலை முழுவதும் அந்த எண்ணில்தான். பணவீக்கத்தை விலைகளைத் திரட்டி அளக்கிறோம். முழுத் திறன் உற்பத்தியை யாரும் பார்த்ததில்லை. அது ஒரு மதிப்பீடு. போன போக்கை வைத்துக் கோடு போட்டு, நடப்பு உற்பத்தி அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே என்று சொல்கிறோம். உற்பத்தித் திறன் வளர்ச்சி இடையில் தளர்ந்துவிட்டால் கோடு உண்மையைவிட மேலே போய்விடும். இல்லாத மந்தம் இருப்பதாகத் தெரியும். 1970களின் அமெரிக்காவில் இதுதான் நடந்தது என்று ஓர்பனிடிஸ் வாதிட்டார். அன்றைய அதிகாரிகள் கையில் இருந்த மதிப்பீடுகள் மந்தத்தை மிகைப்படுத்தின. பின்னாளில் திருத்தப்பட்ட எண்களை ஒதுக்கிவிட்டு அன்றைய எண்களையே விதியில் போட்டால், அன்று நடந்த தளர்வான கொள்கைக்கு நெருங்கிய விடையே வந்திருக்கும் என்பது அவர் முடிவு.

நம் கணக்கிலும் அப்படி ஒரு திருத்தம் வருவதாகக் கொள்வோம். சில ஆண்டுகள் கழித்து, இன்றைய இடைவெளி −2 அல்ல, 0. போன ஆண்டுடையது −3 அல்ல, −1 என்று தெரிய வருகிறது. சரியான எண்களைப் போட்டால் 1993, 1999 இரண்டுமே 7.5 சதவீதம் என்கின்றன. அப்படியானால் அன்று 1993 விதியைப் பின்பற்றிய வங்கி ஒரு புள்ளி குறைவாக வைத்திருக்கிறது. 1999 விதியைப் பின்பற்றிய வங்கி இரண்டு புள்ளி குறைவாக வைத்திருக்கிறது. மாற்ற விதியின் விடையோ அசையவே இல்லை. இடைவெளியின் அளவு தவறாக இருந்தாலும் ஓராண்டில் அது ஒரு புள்ளி சுருங்கியது என்பது இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். ஆகவே அப்போதும் 6 சதவீதமே. சமநிலை வட்டி 1 என்ற ஊகமும் அதற்குத் தேவைப்படவில்லை.

அதற்காக மாற்ற விதியையே கைக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆழமான சரிவிலிருந்து மீளும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் இலக்கிலேயே 2 சதவீதம், இடைவெளி ஓராண்டில் −8இலிருந்து −5க்கு வந்திருக்கிறது, கொள்கை வட்டி 0. இடைவெளி மூன்று புள்ளி சுருங்கியதை மட்டும் பார்க்கும் மாற்ற விதி, வட்டியை 1.5க்கு ஏற்றச் சொல்கிறது. பொருளாதாரம் இன்னும் பள்ளத்தில் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 1993 விதி 0.5 என்கிறது. 1999 விதி −2 என்கிறது, அதாவது 0இலேயே வைத்திரு என்று பொருள். இந்த நிலையில் 1999 விதியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளியில் இரண்டு புள்ளி பிழை இருந்தாலும் மந்தம் மந்தம்தான்: −3 என்று போட்டாலும் அதன் விடை 0ஐத் தாண்டாது. மாற்ற விதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பணவீக்கம் 5இலேயே நின்றால், அடுத்த காலாண்டிலும் அது 1.5 புள்ளி கூட்டும், அதற்கடுத்ததிலும் கூட்டும். வட்டி உயர்வு விலைகளைத் தொடப் பல காலாண்டுகள் ஆகும் என்பதால், அதற்குள் அளவுக்கு மீறி ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது.

நாம் தொடங்கிய எண்களுக்கு நான் தேர்வது 1993 விதியின் 6.5ஐ. இரண்டு புள்ளி இடைவெளி வழக்கமான திருத்தத்திலேயே காணாமல் போய்விடக்கூடியது. அதன்மேல் முழு எடையை ஏற்றி, மெய் வட்டியைச் சமநிலைக்குக் கீழே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்ற விதியின் 6ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இடைவெளியின் அளவைத் தொடாத கணக்கும் வட்டியை 4இலிருந்து இரண்டு புள்ளி ஏற்றச் சொல்வதால், உயர்வு வேண்டும் என்ற முடிவு −2ஐ மட்டும் நம்பி எடுத்ததல்ல என்பது உறுதியாகிறது. உற்பத்தி இடைவெளி −5க்கும் கீழே போகும் நாளில் 1999 விதிக்கு மாறிக்கொள்வேன்.