மாடிக்கு மாடி சென்சார்: சங்கிலியா, நட்சத்திரமா?

ஐந்து மாடி, மாடிக்கு ஒரு வெப்பநிலை சென்சார், எல்லாம் ஆர்எஸ்-485 பஸ்ஸில், அதாவது ஒரே ஜோடி கம்பியை எல்லாச் சாதனங்களும் பகிர்ந்துகொள்ளும் முறையில். கன்ட்ரோலர் தரைத்தளத்தில் இருக்கிறது.

கன்ட்ரோலரிலிருந்து ஒவ்வொரு சென்சாருக்கும் தனிக் கேபிள் இழுப்பது நட்சத்திர முறை. வேலை எளிது, ஒரு கேபிள் அறுந்தாலும் மற்ற மாடிகள் தப்பிக்கும். ஆனால் முனையில் 120 ஓம் மின்தடை இல்லாத கிளையில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும். ஐந்து முனைக்கும் போட்டுவிடலாமே என்றால், சேர்ந்து 24 ஓம் ஆகிவிடும். சிக்னலைக் கம்பியில் அனுப்பும் டிரைவர் சிப்புகள் 54 ஓம் சுமைக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், கிளைகள் குட்டையாக இருந்தால், மின்தடை போடாமலே பெரும்பாலும் ஓடிவிடும். வேகத்தைக் கூட்டும்போதுதான், தரவு சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழைகள் தலைகாட்டும்.

சங்கிலி முறையில் ஒரே கம்பி சென்சார் சென்சாராகத் தொட்டுச் செல்லும். சென்சார், கேபிள் மேலேறும் ஷாஃப்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால்? நான்கு கம்பிக் கேபிளில் ஒரு ஜோடி போக, இன்னொரு ஜோடி திரும்பி வர. மாடிக்கு 40 மீட்டர் கூடும், மொத்தம் அதிகபட்சம் 200. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும் என்பதால் கவலையில்லை. நடுவில் அறுந்தால் அதற்கு மேலுள்ள மாடிகள் போய்விடும். அப்படியும் நான் சங்கிலியைத்தான் எடுப்பேன், சோதிப்பது அவ்வளவு சுலபம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால், சங்கிலியின் இரு முனையிலும் போட்ட 120 ஓம் மின்தடைகள் சேர்ந்து சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனை மின்தடை இல்லை, அல்லது வழியில் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.