தாடியை எடுத்துத் தருகிறோம் என்றார்கள், அப்பாவின் முகமே போய்விட்டது: 4,500 ரூபாய்

மும்பையில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது இறந்தவரின் படத்தில் தாடி, மீசை எடுக்கக் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் எழுதுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். வாழ்நாள் முழுக்க மீசை மட்டும்தான், தினமும் காலையில் சவரம் செய்யாமல் டீ குடிக்க மாட்டார். ஆனால் கடைசியாக எடுத்த நல்ல படம் என்று எங்களிடம் இருந்தது, சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோது மொட்டை மாடியில் தம்பி போனில் எடுத்தது. நாற்பது நாள் தாடி, பாதி நரை. கண்ணில் அந்தச் சிரிப்பு வேறெந்தப் படத்திலும் இல்லை. "இதுல தாடிய மட்டும் எடுத்துட்டா அவரேதான்" என்றார் அம்மா. பதினாறாம் நாளுக்குள் சட்டம் போட்டு மாட்ட வேண்டும்.

சயான் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ. உள்ளே போனதும் கடைக்காரர் தமிழில் பேசினார், அங்கேதான் விழுந்தேன். படத்தைக் கையில் வாங்கி, "அண்ணே, எங்கப்பாவுக்கும் நான்தான் செஞ்சேன், நீங்க கவலையே படாதீங்க" என்றார். வீட்டில் துக்கம் இருக்கும்போது இப்படி ஒருத்தர் சொன்னால் எப்படிச் சந்தேகப்படுவது? பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றையும் கொடுத்தேன். தாடையில் இடப்பக்கம் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும், அது வரணும் என்று இரண்டு தடவை சொன்னேன். முன்பணம் 1,500, படம் வாங்கும்போது 3,000. மொத்தம் 4,500 ரூபாய். கையில் ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் ரயிலில் நின்றுகொண்டு பார்த்தேன். கட்டை விரல் அளவுப் படத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது, 'ஓகே' என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்புறம் திரும்பத் திரும்ப என் முகத்தில் எறிந்தார்.

12க்கு 18 அங்குலத்தில் சட்டத்தோடு வீட்டுக்கு வந்தது. அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். "இது யாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கடைக்குப் போனால், "பிரிண்ட்ல கொஞ்சம் மாறும்ணே." அதற்கடுத்த நாள், "ஆபரேட்டர் ஊருக்குப் போயிருக்கான்." மூன்றாம் தடவை, "நீங்கதானே ஓகே சொன்னீங்க?" சரி, ஃபைலையாவது கொடுங்கள், வேறு யாரிடமாவது சரிபண்ணிக்கொள்கிறேன் என்றால், அடுக்கு அடுக்காகப் பிரித்துத் திருத்தக்கூடிய, லேயரோடு இருந்த ஃபைல் அழிந்துவிட்டதாம். பதினாறாம் நாள் தாடி வைத்த படத்தையே மாட்டினோம்.

என் மாமா பையன் தாதரில் கல்யாண ஆல்பம் வேலை செய்கிறான். நேற்று ராத்திரி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினான். அப்போதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

கன்னத்தில் தோலின் துளைகள் தெரிகின்றன, தாடி இருந்த கோட்டுக்குக் கீழே மெழுகு பூசினதுபோல் வழவழப்பு. மங்கலாக்கிவிட்டு மேலே நிறத்தைத் தடவியிருக்கிறார்கள். அப்பாவின் கன்னத்து மச்சம் தாடையில் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது! கன்னத்துத் தோலை போட்டோஷாப்பின் க்ளோன் ஸ்டாம்பில் அப்படியே எடுத்து ஒட்டியபோது மச்சமும் கூடவே வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. மீசை ஓரத்தில் கறுப்பாக ஒரு இழுப்பு. ஹீலிங் பிரஷ் தடவும் இடத்தின் ஓரத்து நிறத்தைத் தன்னோடு கலந்துகொள்ளும், பக்கத்தில் முடி இருந்தால் அந்தக் கறுப்பு தோலுக்குள் ஏறிவிடும் என்றான். அந்த ஓரங்களை முதலில் க்ளோனில் சுத்தமாகப் பிரித்துவிட்டுத்தான் ஹீலிங்கைத் தொட வேண்டுமாம்.

அதைவிட மோசம் நிழல். படத்தில் வெயில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுந்திருக்கிறது. அப்படியானால் தாடையின் வலப்பக்கம் இருட்டாக இருக்க வேண்டும். இவர்கள் இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம் கொடுத்திருக்கிறார்கள். கீழுதட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளமும் அதன் நிழலும் போய்விட்டதால் மோவாய் தட்டையாகிவிட்டது. கழுத்தைப் பார்த்தால், அங்கே தாடியின் நிழல் அப்படியே கிடக்கிறது. தாடி இல்லை, அதன் நிழல் மட்டும் இருக்கிறது. முகமும் அகலம். தாடியின் வெளி ஓரத்தையே தாடை என்று வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஒட்டிய முகம்.

அவன் அங்கேயே உட்கார்ந்து செய்து காட்டினான். முதலில் பாஸ்போர்ட் படத்தை மேலே வைத்து, இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்றாக வரும்படி அளவைச் சரிசெய்தான். காது மடலிலிருந்து மோவாய் வரை தாடைக் கோடு எங்கே போகிறது என்று அதில்தான் தெரிந்தது. வெளியே நீட்டியிருந்த முடியைக் கழுத்தும் சட்டையும் வைத்து மூடினான். அப்புறம் தோலை இரண்டாகப் பிரித்தான்: நிறமும் வெளிச்சமும் கீழ் அடுக்கில், துளையும் சுருக்கமும் மேல் அடுக்கில். கீழ் அடுக்கில் மென்மையான பிரஷ்ஷால் முதலில் வெளிச்சத்தை மட்டும் கட்டினான். இடப்பக்கம் வெளிச்சம், மோவாயில் திரும்பும் இடம் மங்கல், வலப்பக்கமும் தாடைக்கு அடியிலும் இருட்டு. முடித்தபோது தோலே இல்லாத பொம்மை மாதிரி இருந்தது, ஆனால் அது அப்பாவின் தாடைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

துளைகளைக் கன்னத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்தான், ஒரே இடத்தில் இரண்டு தடவை எடுக்கவில்லை. நெற்றியைத் தொடவே இல்லை, அந்தத் தோல் வேறாம். கடைசியில் தாடை முழுக்க மிக லேசாக ஒரு சாம்பல் நீலம் ஏற்றினான். சவரம் செய்த தாடை நெற்றியின் நிறத்தில் இருக்காது, அதை விட்டால் பொம்பளை முகமாகிவிடும் என்றான். அப்பாவுக்குப் பாதி நரை என்பதால் அதையும் பாதியாகக் குறைத்தான். தழும்பைப் பழைய படத்திலிருந்து கொண்டுவந்தான். ஐந்து மணி நேரம். "தாடிக்குக் கீழ என்ன இருக்குன்னு போட்டோக்குத் தெரியாதுண்ணே, நாமதான் வரையணும். பழைய படம் இல்லாம எவனாவது கரெக்டா வரும்னு சொன்னா பொய்" என்றான். நான் கொடுத்த பழைய படத்தை அந்தக் கடைக்காரர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

4,500 ரூபாய் பெரிய தொகை இல்லை என்று நினைப்பீர்கள். அம்மா அந்தச் சட்டத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்.

சொன்னபடி, அவசரமாக: தாடி இல்லாத பழைய படம் கொடுங்கள், அதைத் திரையில் பக்கத்தில் வைத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி மோவாயைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்து நிழலையும் பாருங்கள். லேயரோடு PSD ஃபைல் கைக்கு வந்த பிறகு மீதிப் பணம். பில் கேளுங்கள், துண்டுச் சீட்டு வேண்டாம். நாளைக் காலை நானும் அந்தச் சீட்டோடு ஐந்தாவது தடவையாகப் போகிறேன்.