நீங்கள் அனுப்பிய ஒப்பந்தம்தான் கையொப்பமாகித் திரும்பி வந்ததா?

வாடிக்கையாளர்களுக்குக் கையொப்பத்திற்காக ஒப்பந்தம் அனுப்பும் சிறு நிறுவனத்தினரும் தனியாகப் பணி எடுத்துச் செய்பவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நான் அனுப்பிய ஒப்பந்தத்தில் மூன்று பிரிவுகளை ஒரு நிறுவனம் சொல்லாமல் மாற்றியது. மாற்றிய பிரதியில் கையொப்பமிட்டு, என்னுடைய பிரதியே திரும்பி வருவது போல அனுப்பி வைத்தது. நானும் ஒப்பிட்டுப் பார்க்காமல் என் கையொப்பத்தை அதில் இட்டேன். ஆறு மாத உழைப்பின் கடைசித் தவணையில் பாதியை அதனால் இழந்தேன்.

அந்த நிறுவனத்துக்கு முன்பதிவு மென்பொருள் ஒன்றை உருவாக்கித் தருவது என் பணி. ஒப்பந்தம் 11 பக்கம். மொத்தத் தொகையில் 40 விழுக்காடு முன்பணம், பாதி வேலை முடிந்ததும் 30, இறுதி ஒப்படைப்பில் 30 என்று பேசி முடித்திருந்தோம். ஒப்பந்தத்தை பிடிஎஃப் கோப்பாக இணைத்து, முக்கிய விதிமுறைகளைப் பிரிவு எண்ணோடு சுருக்கி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மூத்தவர் ஒருவர் பழக்கிவிட்ட முறை அது. "பிரிவு 4.2: விலைப்பட்டியல் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். பிரிவு 7.1: முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே மென்பொருளின் உரிமை உங்களுக்கு மாறும். பிரிவு 9.3: இடையில் விலகுவதானால் 30 நாள் முன்னறிவிப்பும், அதுவரை செய்த வேலைக்கான தொகையும் தர வேண்டும்" என்று அதில் தெளிவாக இருந்தது.

எப்படி, எப்போது கையொப்பமிட வேண்டும் என்பதை மட்டும் தெளிவாக எழுதவில்லை. "உங்கள் வசதிப்படி அச்சிட்டோ மின்கையொப்பமாகவோ கையொப்பமிட்டு, கூடிய விரைவில் அனுப்பினால் நன்றாக இருக்கும்" என்று முடித்திருந்தேன். அந்த ஒரு வரியின் வழியாகத்தான் எல்லாம் நடந்தது.

மறுநாளே பதில் வந்தது. விதிமுறைகள் தங்களுக்குச் சம்மதம் என்றும், அலுவலகக் கோப்பில் சேர்ப்பதற்காக வேர்டு வடிவம் வேண்டும் என்றும், ஓரிரு நாளில் கையொப்பமிட்டு அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்கள். வேர்டு கோப்பை அனுப்பினேன். பிறகு ஒப்பந்தம் வரவில்லை. வேலையைத் தொடங்குமாறு தொலைபேசி அழைப்புகள்தான் வந்தன. முன்பணத்தையும் செலுத்திவிட்டதால் நம்பித் தொடங்கினேன். கையொப்பமிட்ட ஒப்பந்தம் 19-ஆம் நாள் வருடி எடுத்த படங்களாக வந்தது. அதே 11 பக்கம், அதே எழுத்துரு, என் பெயரும் முத்திரையும் அதே இடத்தில். கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து, அவர்கள் கையொப்பம் இருப்பதைப் பார்த்து, என் கையொப்பத்தையும் இட்டு அனுப்பிவிட்டேன். வேலை ஓரளவு வளர்ந்திருந்த நேரத்தில் ஒப்பந்தம் எனக்கு வெறும் சம்பிரதாயமாகப் பட்டது. கெடு இல்லாமல் அனுப்பியதன் உண்மையான தீங்கு இதுதான்: கையொப்பம் வருவதற்குள் நம் கை கட்டப்பட்டுவிடுகிறது, கூர்ந்து பார்க்கும் மனநிலையும் போய்விடுகிறது.

இரண்டாம் தவணைக்கு விலைப்பட்டியல் அனுப்பி 34 நாட்கள் ஆனபோது நினைவூட்டினேன். "பிரிவு 4.2-ஐப் பார்க்கவும், தொகை இன்னும் செலுத்த வேண்டிய நிலைக்கு வரவில்லை" என்று கணக்குப் பிரிவிலிருந்து பதில் வந்தது. திறந்து படித்தபோதுதான் தெரிந்தது. 4.2-இல் "விலைப்பட்டியல் தேதியிலிருந்து 30 நாட்கள்" என்ற இடத்தில் "வாடிக்கையாளர் எழுத்துமூலம் ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து 60 நாட்கள்" என்று இருந்தது. 7.1-இல் முழுத் தொகையும் வந்த பிறகு மாற வேண்டிய உரிமை, ஒப்படைத்தவுடனே மாறுவதாக இருந்தது. 9.3-இல் "செய்த வேலை" என்பது "செய்து ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலை" ஆகியிருந்தது.

தனித்தனியாகப் பார்த்தால் இவை பேரம் பேசக்கூடிய மாற்றங்களே. 60 நாள் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. கேட்டிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் மூன்றும் சேரும்போது வேறொன்றாகின்றன. எத்தனை நாளுக்குள் அவர்கள் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் வரையறை இல்லை. ஆகவே ஏற்புக் கடிதம் எழுதாதவரை அந்த 60 நாள் தொடங்கவே தொடங்காது. அதற்குள் ஒப்படைத்தால் உரிமை அவர்களுடையது. நடுவில் விலகினாலும், ஏற்கப்படாத வேலைக்குப் பணம் இல்லை. ஒப்பந்தங்களை நன்கு அறிந்த ஒருவர் அமர்ந்து, பக்க எண்ணிக்கைகூட மாறாதபடி சொற்களைப் பொருத்தியிருக்கிறார்.

வழக்கறிஞரிடம் சென்றபோது அவர் முதலில் கேட்டது, "கையொப்பமிடும் முன் படித்தீர்களா?" என்பதுதான். கையொப்பமிட்டவர் படித்தே கையொப்பமிட்டார் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும், ஏமாற்றப்பட்டோம் என்று காட்டும் சுமை நம்முடையது என்றார். போதாக்குறைக்கு, முந்தைய கடிதங்களும் பேச்சும் செல்லாது, இந்த ஆவணமே இருவருக்கும் இடையிலான முழு உடன்பாடு என்ற பிரிவை 12-ஆம் பிரிவாக நானே எழுதி வைத்திருந்தேன். எனக்குப் பாதுகாப்பு என்று நினைத்துச் சேர்த்த பிரிவு அது.

அந்த நிலையிலும் என்னைத் தாங்கியது முதல் மின்னஞ்சல்தான். பிரிவு எண்ணோடு விதிமுறைகளை நான் எழுதியிருந்ததும், விதிமுறைகள் சம்மதம் என்று அவர்கள் பதில் தந்ததும், அதற்குப் பிறகு மாற்றம் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் வேறு வாசகத்தை அனுப்பியதும், மாற்றம் மறைக்கப்பட்டதைக் காட்டும் சங்கிலியாக நின்றன. "ஒப்பந்தம் இணைப்பில் உள்ளது, பார்க்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையில் ஒன்றுமே இருந்திருக்காது என்றார் வழக்கறிஞர். அவர் கடிதம் அனுப்பிய பிறகு இரண்டாம் தவணை முழுதாக வந்தது. கடைசித் தவணையில் பாதியை மட்டுமே தருவோம் என்றார்கள். வழக்கு நடத்தும் செலவும் காலமும் அதைவிடப் பெரிதாகத் தெரிந்ததால் ஒத்துக்கொண்டேன். இன்றும் மனம் ஆறவில்லை.

இப்போது கையொப்பத்திற்கு அனுப்பும் முறையையே மாற்றியிருக்கிறேன். ஒப்பந்தத்தை மின்கையொப்பச் சேவையில் நானே பதிவேற்றுகிறேன். வாடிக்கையாளர் முதலில், நான் கடைசியில் என்று வரிசை அமைக்கிறேன். இத்தகைய சேவைகள் யார், எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் திறந்து கையொப்பமிட்டார் என்ற பதிவைத் தருகின்றன. இரு தரப்பும் கையொப்பமிடுவது ஒரே கோப்பு. ஆனால் யார் பதிவேற்றுகிறார்கள் என்பது முக்கியம். வாடிக்கையாளர் தம் கணக்கிலிருந்து பதிவேற்றி நமக்கு அனுப்பினால், அவர் மாற்றிய வாசகத்துக்கே அத்தனை பாதுகாப்பும் கிடைக்கும்.

காகிதத்தில்தான் கையொப்பமிட முடியும் என்பவர்களுக்கு, பக்கம்தோறும் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் அச்சிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் கேட்கிறேன். திரும்பி வந்ததும் வருடிய படத்தை எழுத்தாக மாற்றி, வேர்டில் `Review` பட்டியின் கீழ் உள்ள `Compare` மூலம் என் மூலப்பிரதியோடு ஒப்பிடுகிறேன். படத்தை எழுத்தாக்கும்போது பிழைகள் விழும் என்பதால் பணம், உரிமை, விலகல் ஆகிய மூன்று பிரிவுகளையும் ஒருவர் வாசிக்க மற்றவர் மூலப்பிரதியில் விரல் வைத்துச் சரிபார்க்கிறோம். அன்று 11 பக்கத்தையும் இப்படிச் சரிபார்த்திருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வரி முடியும் இடங்கள் மூலத்திலிருந்து மாறியிருந்தால் அந்தப் பத்தியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். என் ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவில் ஐந்து வரிகள் வேறு சொற்களில் முடிந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

உடன் அனுப்பும் மின்னஞ்சலில் விதிமுறைச் சுருக்கத்துக்குப் பின் இப்போது இப்படி எழுதுகிறேன்:

"மேலே உள்ளது சுருக்கம் மட்டுமே, ஒப்பந்தத்தின் வாசகமே இறுதியானது. கையொப்பத்திற்கான இணைப்பு தனி மின்னஞ்சலில் உங்கள் இயக்குநருக்கு வரும். மார்ச் 14, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் (உங்கள் ஊர் நேரம்) அந்த இணைப்பின் வழியே கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றம் ஏதும் வேண்டுமானால் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மார்ச் 11-க்குள் எழுதுங்கள். திருத்திய புதிய பதிப்பை நான் அனுப்புவேன். இந்தப் பதிப்பைத் தவிர வேறு வாசகம் கொண்ட பிரதி எங்களைக் கட்டுப்படுத்தாது. குறித்த நேரத்துக்குள் கையொப்பமாகாவிட்டால் இந்த முன்மொழிவு காலாவதியாகும். இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே வேலை தொடங்கும்."

ஒவ்வொரு வரிக்கும் எனக்குக் காரணம் உண்டு. சுருக்கம் ஒப்பந்தத்தோடு முரண்பட்டால் வாடிக்கையாளர் என்னைக் குறை சொல்லக்கூடும், அதனால் முதல் வாக்கியம். அனுப்பும் முன் சுருக்கத்தை வரிக்கு வரி ஒப்பந்தத்தோடு சரிபார்க்கவும் செய்கிறேன். கையொப்பமிட அதிகாரம் உள்ளவரைப் பதவியோடு குறிப்பிடாவிட்டால் யாரோ ஒரு ஊழியர் கையொப்பமிட்டுவிட்டு, பிறகு நிறுவனம் அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல இடமுண்டு. கெடுவாகக் குறைந்தது ஏழு வேலை நாட்கள் தருகிறேன். அவர்களும் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும் அல்லவா? மாற்றம் கேட்கும் நாளைக் கெடுவுக்கு முன்பே வைப்பதால் கடைசி மணி நேரத்தில் புதிய வாசகம் வந்து அவசரப்படுத்துவதில்லை. "எங்களைக் கட்டுப்படுத்தாது" என்ற வரியை மட்டும் நம்பி இருக்கவும் மாட்டேன். மாற்றிய பிரதியில் நானே கையொப்பமிட்டுவிட்டால் அந்த வரி என்னைக் காப்பாற்றும் என்று எந்த வழக்கறிஞரும் உறுதி தரமாட்டார்.

வேர்டு வடிவம் கேட்கும் வாடிக்கையாளர் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். அவர்கள் சட்டப் பிரிவு திருத்தம் எழுத அது தேவைதான். கேட்டால் `Track Changes` இயக்கிய பிரதியை, ஒவ்வொரு பக்கத்திலும் "கலந்தாய்வுப் பிரதி, கையொப்பத்திற்கு அல்ல" என்று அச்சிட்டு அனுப்புங்கள். திரும்பி வருவதில் குறியிட்ட திருத்தங்கள் மட்டும்தான் இருக்கின்றன என்று நம்பிவிடாதீர்கள். அந்த வசதியை அணைத்துவிட்டுத் திருத்தவும் முடியும். உங்கள் மூலப்பிரதியோடு முழுதாக ஒப்பிட்டு, ஏற்கும் மாற்றங்களை உங்கள் கோப்பில் நீங்களே சேர்த்து, புதிய பதிப்பு எண்ணோடும் புதிய கெடுவோடும் மறுபடி அனுப்புங்கள்.