மெயிலில் 'பார்ட்னர்ஷிப்' என்று எழுதித் தொலைத்தேன், 1,01,000 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் பெங்களூர் மெஜஸ்டிக் மெட்ரோவில் ஒரு அம்மா மடியில் வைத்திருந்த ஜவுளிக்கடைப் பையைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. பச்சை நிறப் பை, ஓரமெல்லாம் அன்னப்பட்சி பார்டர். அந்த பார்டரில் மூன்றாவது அன்னத்தின் மூக்கு பக்கவாட்டு மடிப்பில் சிக்கி அரைமூக்காக நிற்கும். தீபாவளிக்கு அதே கடைக்கு நான் டிசைன் செய்த பை அரக்கு நிறம். பிரஸ் கொடுத்த மடிப்பு அளவு 2 மில்லிமீட்டர் தப்பாக இருந்ததால் வந்த அரைமூக்கு அது. இப்போது நிறத்தை மட்டும் மாற்றி, அதே அரைமூக்கோடு அடித்திருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் அதே பிரஸ் பெயர். "அந்தக் கடை இப்போ நம்மகிட்ட வர்றதில்ல தம்பி" என்று போன மாதம் என்னிடம் சொன்ன அதே பிரஸ்.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அல்சூரில் இருக்கும் என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து டிசைன் செய்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

ஜூனில் நான்தான் மெயில் போட்டேன். நாலைந்து ஆஃப்செட் பிரஸ்களுக்கு அனுப்பினேன், ஒன்றிலிருந்துதான் பதில் வந்தது. தலைப்பு 'பார்ட்னர்ஷிப் புரபோசல்'. என்னிடம் டிசைனுக்கு வருகிற கஸ்டமர்களின் பிரிண்ட் வேலையை உங்களுக்குத் தருகிறேன், உங்களிடம் பிரிண்டுக்கு வருகிறவர்களுக்கு நான் டிசைன் செய்கிறேன், கஸ்டமருக்கு ஒரே பில், அதை நீங்களே போடுங்கள், ஒவ்வொரு வேலையிலும் எனக்கு 15 சதவீதப் பங்கு, டிசைன் கூலி கேட்லாக் என்றால் பக்கத்துக்கு 900, புத்தகம் மலர் என்றால் பக்கத்துக்கு 350. இதைத்தான் ஒன்றரைப் பக்கத்துக்கு அழகான ஆங்கிலத்தில், எனக்கு நானே லோகோ எல்லாம் போட்டு எழுதியிருந்தேன். '15 சதவீதப் பங்கு' என்ற அந்த இரண்டு வார்த்தைதான் பின்னால் என் கழுத்தில் கயிறாக விழுந்தது. எதில் 15 சதவீதம் என்று நான் எழுதவே இல்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது, ஒரே வரி: 'நோட்டட், ப்ளீஸ் ஸ்டார்ட்.' எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'ரேட் ஒப்புக்கொள்கிறோம்' என்று ஒரு வார்த்தை அதில் இல்லை என்பது அப்போது கண்ணில் படவில்லை.

நேரில் போனேன். ஓனர் நம்ம ஆள். சிவகாசியில் ட்ரெடில் மிஷின் மிதித்து வளர்ந்தவராம். நாலு கலர் மிஷின் ஓடுகிற சத்தத்தில் என் தோளில் கை போட்டு, "நமக்குள்ள எதுக்கு தம்பி அக்ரிமென்ட், பேப்பர்ல எழுதுறதெல்லாம் நம்பிக்கை இல்லாதவன் செய்யிறது" என்றார். மையெடுத்த விரலோடு டீ கிளாஸைப் பிடித்து நீட்டினார், கிளாஸ் விளிம்பில் சையான் ரேகை பதிந்திருந்தது. அந்த ரேகையைப் பார்த்துத்தான் நான் நம்பினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏசி ரூமில் உட்காராமல் மிஷினில் நிற்கிற முதலாளி ஏமாற்ற மாட்டார் என்று என் மரமண்டைக்குத் தோன்றியது. "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வேலை ஒரு பல் மருத்துவமனை. ஃபைல், லெட்டர்ஹெட், பிரிஸ்கிரிப்ஷன் பேட், மொத்தம் 48,000 ரூபாய் பில். ஒன்பதாம் நாள் என் யுபிஐக்கு 7,200 வந்து விழுந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பில் தொகையில் சரியாக 15 சதவீதம். இதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும்? இப்போது யோசித்தால் அது தூண்டிலில் மாட்டிய புழு.

அப்புறம் வந்தது அந்த ஜவுளிக்கடை. 24 பக்கக் கேட்லாக், கூடவே பைகள், பில் 2,60,000. பங்கு 39,000, டிசைன் கூலி 21,600. அதோடு ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், 64 பக்கம், பில் 1,20,000. பங்கு 18,000, டிசைன் 22,400. எல்லாம் சேர்த்தால் 1,01,000. கல்யாண வீட்டில் நூற்றியொன்று மொய் எழுதுகிற மாதிரியே இருக்கிறது பாருங்கள். லட்சத்து ஆயிரம் மொய் வைத்துவிட்டு இலை கூடப் போடாமல் அனுப்பப்பட்டவன் நான்.

கேட்லாக் பிளேட் போடும் நாளில் பிரஸ் பையன் ஒருவன் போன் செய்தான். "சார், பிடிஎஃப்ல தமிழ் ஃபாண்ட் உடையுது, ஓபன் ஃபைல் அனுப்பிடுங்க, மிஷின் காத்துக்கிட்டிருக்கு. பையோட ஃபைலையும் சேர்த்தே அனுப்பிடுங்க." இது ராத்திரி ஒன்பதரை மணிக்கு. நான் ஏற்கெனவே எழுத்தையெல்லாம் அவுட்லைனாக மாற்றி PDF/X-1a ஆகத்தான் கொடுத்திருந்தேன். அவுட்லைன் ஆன எழுத்து வெறும் கோடு, அதில் உடைய ஃபாண்டே கிடையாது. பக்கங்களை ஷீட்டில் அடுக்குவதும் அந்த பிடிஎஃப்பை வைத்தே நடக்கும், பிளேட்டும் அதிலிருந்தே விழும். ஓபன் ஃபைல் தேவைப்படுவது ஒன்றுக்குத்தான்: டிசைனை மாற்றி மறுபடி அடிக்க. எனக்கு இது தெரியும், பத்து வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஆனாலும் மிஷின் நிற்கிறது என்றதும் பதறிப்போய் இரண்டு ஃபைலையும் லிங்க் போட்டு அனுப்பிவிட்டேன். அங்கே போனது அந்தக் கடையின் அடுத்தடுத்த ஆர்டர்கள் மொத்தமும்.

தீபாவளி முடிந்து பணம் கேட்டேன். கஸ்டமர் இன்னும் தரவில்லை என்றார்கள். கடை மேனேஜரை வேறு விஷயமாகப் பார்த்தபோது, பாதி அட்வான்ஸ், மீதி டெலிவரி அன்றே செக் கொடுத்தாயிற்று என்றார். சரி என்று திரும்பக் கேட்டால் ஜிஎஸ்டி ஃபைலிங், இருபதாம் தேதி கழியட்டும் என்றார்கள். இருபது கழிந்தால் ஓனர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், காசு விஷயம் பேச மாட்டாராம் (புது மிஷினுக்கு மட்டும் அந்த மாலையோடு பேசி முடித்தார்). நேரில் போனால் கணக்குப் பிள்ளை கன்னடத்தில் "நாளே பன்னி சார்" என்பார், நாளைக்கு வாங்க என்று அர்த்தம். இந்த ஊரில் ஒரு காலத்தில் பேய் வராமல் இருக்க வாசல் கதவில் 'நாளே பா' என்று எழுதி வைப்பார்களே, ஆறு முறை அந்தப் பேயாக நான் திரும்பி வந்தேன்.

ஏழாவது முறை ஓனரே உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டினார். "தம்பி, நீ அனுப்பினது பார்ட்னர்ஷிப் மெயில். பார்ட்னர்னா லாபத்துல பங்கு. பேப்பர், பிளேட், லேமினேஷன், கூலி எல்லாம் போக ஜவுளிக்கடை வேலையில நமக்கு நின்னது 31,000. அதுல 15 பர்சென்ட் 4,650." பள்ளி மலரில் லாபமே இல்லையாம். அட்டை லேமினேஷன் குமிழ் விட்டு மறுபடி அடித்ததில் 18,000 நஷ்டம், பார்ட்னர் என்றால் நஷ்டத்திலும் பாதி, 9,000. ஆக நான்தான் அவருக்கு 4,350 தர வேண்டும். லாபத்தில் 15, நஷ்டத்தில் 50! அப்போ டிசைன் கூலி அண்ணாச்சி என்றேன். "மிஷின் என் முதல், கம்ப்யூட்டர் உன் முதல்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

மேல்மாடியில் இருக்கும் வக்கீல் அக்காவிடம் மெயிலைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தில் பார்ட்னர்ஷிப் என்றாலே லாபத்தைப் பங்கிட ஒப்புக்கொண்டவர்களின் உறவு என்றுதான் இருக்கிறதாம், அந்தாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். 'நோட்டட்' என்ற பதிலில் பெரிய சிக்கல் இல்லை, 1872 ஒப்பந்தச் சட்டம் 8ஆம் பிரிவுப்படி, கேட்டபடி செயலில் இறங்கினாலே சம்மதம் என்று வாதாடலாம் என்றார். சிக்கல் 'பங்கு'தான். அர்த்தம் நிச்சயமில்லாத ஒப்பந்தம் 29ஆம் பிரிவில் செல்லாது. நம் பக்கம் இருக்கும் ஒரே பிடி அந்த 7,200, பில் தொகையில் கணக்குப் போட்டு அவர்களே ஒரு முறை கொடுத்தது. டிசைன் கூலி பக்கக் கணக்கில் தெளிவாக இருப்பதால் அந்த 44,000க்குத் தைரியமாக நோட்டீஸ் விடலாம் என்றார், திங்கட்கிழமை போகிறது. மீதி 57,000 இழுபறி. சிறுதொழில் பாக்கியை வசூலிக்க அரசு வைத்திருக்கும் சமாதான் வழியையும் கேட்டேன். அதற்குச் சிறுதொழில் என்று அரசிடம் செய்ய வேண்டிய உத்யம் பதிவையே நான் போன வாரம்தான் செய்தேன், பதிவுக்கு முன்னால் செய்த வேலைக்கு அது உதவாதாம். பதிவு இலவசம், ஆன்லைனில் கொஞ்ச நேர வேலை. இத்தனை வருஷம் சோம்பேறித்தனம்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் கோர்வையாக வரவில்லை. பிரஸ்ஸுக்கு மெயில் போட்டால் பார்ட்னர், பங்கு என்ற வார்த்தையே வேண்டாம். 'ஜிஎஸ்டி நீங்கலான பில் தொகையில் 15 சதவீதம் ரெஃபரல் கமிஷன், கஸ்டமர் பணம் தந்த ஏழு நாளில், அதே கஸ்டமரின் ஓராண்டு ரிப்பீட் ஆர்டருக்கும் சேர்த்து, லாப நஷ்டத்தில் எனக்குத் தொடர்பில்லை' என்று எழுதுங்கள், அந்த வரியை அப்படியே திருப்பி எழுதி ஒப்புக்கொள்கிறோம் என்று பதில் வராமல் ஒரு கஸ்டமர் பெயரைக்கூடச் சொல்லாதீர்கள். டிசைன் பில்லை நீங்களே கஸ்டமருக்குப் போடுங்கள், ஒரே பில் என்று நான் காட்டிய பெருந்தன்மைக்கு விலை 44,000. ஓபன் ஃபைல் கேட்டால் மிஷின் நின்றால் நிற்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணக்குப் பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப். ஜனவரி 26க்கு ஒரு போஸ்டர் வேண்டுமாம், அர்ஜென்ட்டாம், ஓபன் ஃபைலோடு.