ஊட்டியில் 11 மாதம் டெலிவரி ஓட்டினேன்: பெல்ட் அறுந்த பிறகு எழுதும் கணக்கு

போன வாரம் எல்க் ஹில் ஏற்றத்தில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. டிரைவ் பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ எல்லாம் சேர்த்து பில் 3,850 ரூபாய். அதே நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, "அண்ணா, நானும் டெலிவரியில சேரலாம்னு இருக்கேன், புது வண்டி லோன்ல எடுக்கட்டுமா?" என்று கேட்டான். பில் சூட்டில் இருந்ததால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு தங்கும் விடுதியின் ரிசப்ஷனில் 14,000 சம்பளத்தில் இருந்தேன். புதுப்பிக்கப் போகிறோம் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரமே உணவு டெலிவரிப் பையை மாட்டிக்கொண்டேன். ஆப், லாகின், ஆர்டர் சமாச்சாரமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றுதான்: திரும்பி வரும் கிலோமீட்டர்.

ஊட்டியில் ஆர்டர் வருகிற ஹோட்டல்களில் பெரும்பாலானவை சேரிங் கிராஸ், கமர்ஷியல் ரோடு பக்கம்தான். கோயம்புத்தூரில் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்த தெருவிலேயே இன்னொரு ஹோட்டல் இருக்கும். இங்கே லவ்டேலுக்குப் போனால் அங்கிருந்து எடுக்க ஒன்றும் கிடையாது. காலி வண்டியோடு ஊருக்குள் திரும்பி வரவேண்டும். அந்தத் தூரத்துக்குப் பத்துப் பைசா இல்லை.

ஒரு நாள் ராத்திரி ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். லவ்டேல், 5 கிலோமீட்டர், 48 ரூபாய். திரையில் பார்த்தால் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் போலத் தெரியும். வண்டி ஓடியது பத்து கிலோமீட்டர். பெட்ரோலுக்கு மட்டும் எனக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 70 பைசா ஆகிறது, இந்த ஏற்றங்களில் லிட்டருக்கு 38தான் கிடைக்கிறது. ரிப்பேருக்கு 70 பைசா. வண்டியின் விலை இறங்குவதற்கு 90 பைசா. ஆக 4.30. பத்து கிலோமீட்டருக்கு 43 ரூபாய் செலவு, கையில் நின்றது 5 ரூபாய். முக்கால் மணி நேரம், மூடுபனி, கீழே இறங்க எண்பது படி. (மேப் காட்டும் இடம் வீட்டுக்கு மேலே இருக்கும் ரோட்டில்தான் விழும். மலையில் அது வேறு ஒரு தனி வேதனை.) அதே ராத்திரி ஊருக்குள் ஒன்றரை கிலோமீட்டரில் 25 ரூபாய் ஆர்டர் ஒன்று கிடைத்தது. போய் வர மூன்று கிலோமீட்டர், 13 ரூபாய் செலவு, 12 ரூபாய் மிச்சம். பெரிய ஆர்டர் வந்தால் சந்தோஷப்படுவதை அன்றோடு விட்டேன்.

அந்த 90 பைசா எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சேரும்போது என் ஸ்கூட்டர் அறுபதாயிரத்துக்குப் போகும். 24,200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு போன மாதம் விசாரித்தால் 38,000 என்கிறார்கள். 22,000 ரூபாய் எங்கேயோ போய்விட்டது. எங்கேயும் போகவில்லை, வாராவாரம் என் அக்கவுன்ட்டில் விழுந்த பணத்துக்குள் அதுவும் இருந்தது. என் வண்டியை நானே தவணையில் விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாதச் சராசரி இப்படி: திரையில் 19,500. பெட்ரோல் 6,000. ரிப்பேர் 1,500. வண்டி தேய்மானம் 2,000. மிச்சம் 10,000. விடுதியில் சோறும் போட்டு 14,000 கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் வலிக்கிறது.

ரிப்பேர் ஏன் இவ்வளவு என்றால், கியர் வண்டியை இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு, பாரமெல்லாம் பிரேக் ஷூ மேல். நீண்ட இறக்கத்தில் சூடேறி, பிரேக் பிடித்தும் பிடிக்காத மாதிரி வழுக்கும், ஒரு கருகல் வாடை வரும். அப்போது ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும், ஆர்டர் லேட்டானாலும் சரி. 11 மாதத்தில் நான்கு முறை ஷூ மாற்றினேன். பெல்ட்டும் சொல்லிக்கொண்டுதான் போகும். ஏற்றத்தில் கிளம்பும்போது ஒரு உதறல், ஆக்சிலேட்டர் திருகினால் சத்தம் முதலில், இழுப்பு அப்புறம். மூன்று வாரமாக அப்படித்தான் இருந்தது. நான்தான் சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

ஜூலை மழையில் யூகலிப்டஸ் இலைமேல் சறுக்கி விழுந்தபோது இன்னொன்று தெரிந்தது. வண்டி இன்சூரன்ஸ் தாளில், வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ பயன்படுத்தினால் பொருந்தாது என்ற வரி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான பாலிசி எல்லாவற்றிலும் அது உண்டு. டெலிவரிப் பை மாட்டிய வண்டிக்கு அதை வைத்தே மறுக்கலாம். கம்பெனி கொடுக்கும் விபத்துக் காப்பீடு என் உடம்புக்கு, வண்டிக்கு இல்லை. வண்டியைச் சரிசெய்ய ஆன 4,300 ரூபாய் என் கைக்காசு.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். வேறு எந்த வேலை அடுத்த வாரமே காசு கொடுக்கும்? யாரிடமும் கைநீட்டாமல் வாடகை கட்டினேன். காலையில் டேலி, ஜிஎஸ்டி கணக்கு வகுப்புக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு லாகின் பண்ண இந்த வேலையில்தான் முடியும். எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு: ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தார்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததும் திரும்ப வந்தது. தொகை சின்னது. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாத எனக்கு வருமானத்துக்கு ஆதாரமாக ஒரு காகிதம் கிடைத்தது, அதைத்தான் பிறகு பேங்கில் காட்டினேன்.

ஆபத்து இருப்பது ஊக்கத்தொகையில். வாரத்துக்கு இத்தனை ஆர்டர், மதியமும் ராத்திரியும் இத்தனை மணி நேரம் லாகின் என்று ஒரு கோடு போடுவார்கள். அதைத் தொட்டால் ஆயிரத்துச் சொச்சம், ஒரு ஆர்டர் குறைந்தாலும் சைபர். மே மாதம் சுற்றுலாக் கூட்டத்தில் அந்தக் கோட்டைத் தொட இரண்டு வாரம் வகுப்பை வெட்டினேன். பணம் வந்தது. மூன்றாவது வாரம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியவில்லை. என்னோடு சேர்ந்த ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்கும் என்று வந்தவர், இப்போது புத்தகத்தைத் திறப்பதே இல்லை. ஒரு வாரக் கோடு அடுத்த வாரத்துக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அதன் பிறகு நான் ஊக்கத்தொகை இருக்கும் பக்கத்தையே திறக்கவில்லை. மாதம் மூவாயிரம் போலக் குறைந்தது, கோர்ஸ் முடிந்தது.

இந்த மாதம் முதல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை, 16,000. நேர்காணலில் நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். பெட்ரோல், கிலோமீட்டர், பிரேக் ஷூ என்று தேதி போட்டு எழுதி வைத்த நோட்டைக் காட்டினேன். சர்ட்டிஃபிகேட்டை விட அதைத்தான் அதிக நேரம் புரட்டினார் மேனேஜர்.

ஆகவே தம்பி, லோனில் வண்டி வாங்கி இதில் இறங்காதே. மிச்சமாகும் பத்தாயிரத்தில் மாதத் தவணையும் கட்டினால் உனக்கு என்ன இருக்கும்? உன் அப்பாவின் பழைய கியர் வண்டி இருக்கிறதே, அதை எடு. எந்த மாதத்தில் நிறுத்தப்போகிறாய் என்று முதல் நாளே காலண்டரில் எழுது. எழுத முடியவில்லையென்றால் சேராதே.

நான் இந்த ஞாயிறு லாகின் பண்ணப்போகிறேன். புது பெல்ட் போட்டிருக்கிறேன் இல்லையா, அந்த 3,850-ஐ எடுக்க வேண்டும். லவ்டேல் வந்தால் மட்டும் எடுக்க மாட்டேன்.